"அனுப்புதேன்" என்பதில் தேன் இல்லை

பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் என் அத்தான் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கொரோனாவுக்குப் பிறகு அவருடைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கடைக்கு நேரில் வருவதில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிடுகிறார்கள். காலையில் கடை திறப்பதற்குள் முப்பது நாற்பது குரல் வந்து கிடக்கும். ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டு, சீட்டில் எழுதி, கடைப் பையனிடம் கொடுக்க வேண்டும். "இத எழுதித் தர்றதுக்கு ஒரு மெஷின் இல்லையா மாப்ள?" என்று ஒரு நாள் கேட்டார். இருக்கிறதே என்று நானும் பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

முதலில் ஓட்டிப் பார்த்த குரல் ஒரு பெண்மணியுடையது. "அண்ணாச்சி, அரை கிலோ உளுந்தம்பருப்பு, சாயங்காலம் பையன அனுப்புதேன்" என்று சொல்லியிருந்தார். கணினி எழுதித் தந்தது இப்படி: "அரை கிலோ உளுந்தம் பருப்பு சாயங்காலம் பையனை அனுப்பு தேன்." அத்தான் அதை வாசித்துவிட்டு, "தேன் யாரு கேட்டா?" என்றார்.

அனுப்புகிறேன் என்பதை எங்கள் பக்கத்தில் அனுப்புதேன் என்றுதான் சொல்வோம். வருகிறேன் வாரேன் ஆகும், பார்க்கிறேன் பாக்கேன் ஆகும். அந்த ஒரு வினைமுற்றை மெஷினுக்குப் புரியவைக்கப் போய், கடைசியில் மூன்று மணி நேரக் குரலைச் சேர்த்து, உட்கார்ந்து எழுதி, ஒரு மாடலைப் பழக்கி எடுக்கிற வேலையில் மாட்டிக்கொண்டேன்.

நான் எடுத்துக்கொண்டது விஸ்பர். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இணையத்தில் கிடைத்த 6,80,000 மணி நேரப் பேச்சையும் அதன் எழுத்து வடிவத்தையும் வைத்துப் பயிற்றுவித்தார்கள். அதில் பெரும்பகுதி ஆங்கிலம். தமிழுக்குக் கிடைத்தது 136 மணி நேரம் என்று அவர்களுடைய கட்டுரையிலேயே பட்டியல் இருக்கிறது. அந்தத் தமிழில் நெல்லைப் பக்கத்து மளிகைப் பேச்சு எவ்வளவு இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அது எப்படிக் கேட்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மீதியெல்லாம் எளிது. ஒலியை முப்பது முப்பது வினாடியாக எடுத்துக்கொள்கிறது. ஒரு வினாடியை நூறு கீற்றாக நறுக்கி, ஒவ்வொரு கீற்றிலும் தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை 80 பட்டைகளில் எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று அளந்து, அதை ஒரு படமாக்கிவிடுகிறது. மாடலின் முதல் பாதி அந்தப் படத்தைப் பார்க்கிறது; அதைக் காது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் பாதி எழுதுகிறது, அது கை. இந்தக் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. காது சொல்வதை மட்டும் கேட்காது; இதுவரை எழுதியதற்குப் பின்னால் என்ன வந்தால் மொழிக்குப் பொருந்தும் என்ற ஊகத்தையும் சேர்த்துக்கொள்ளும். அனுப்புதேன் என்ற சொல்லை அது எழுத்தில் பார்த்ததே இல்லை. அனுப்பு தெரியும், தேன் தெரியும். தெரிந்த இரண்டை எழுதி வைத்துவிட்டது. காதில் விழுந்த ஒலி ஏறக்குறைய சரிதான், கைதான் தடுமாறியிருக்கிறது.

குறைந்த டேட்டாவில் ஒரு மாடலைப் பழக்க முடிவது இதனால்தான். மூன்று மணி நேரத்தில் யாருக்கும் தமிழ் கற்றுக்கொடுக்க முடியாது. ஏற்கெனவே ஓரளவு தமிழ் தெரிந்த ஒருவரைப் புதிய கடையில் கணக்கெழுத உட்கார வைப்பது போன்ற வேலை இது. இந்த ஊர்ப் பேச்சு இப்படி இருக்கும், இந்தச் சரக்குக்கு இப்படிப் பெயர், எங்கள் நோட்டில் இப்படித்தான் எழுதுவோம் என்று காட்டிக் கொடுத்தால் போதும். ஃபைன் ட்யூனிங் என்று சொல்வது இதைத்தான். ஹக்கிங் ஃபேஸ் நிறுவனம் 2022-ல் வெளியிட்ட ஒரு விளக்கக் கட்டுரை இந்த வேலையில் இறங்குகிற எல்லோருக்கும் முதல் பாடம். அதில் விஸ்பரின் 'ஸ்மால்' மாடலை ஏறக்குறைய 8 மணி நேர இந்திப் பேச்சை வைத்துப் பழக்கிக் காட்டுகிறார்கள். நூறு சொல்லுக்கு 63.5 என்றிருந்த பிழை 32 ஆகக் குறைந்தது. அது வாசித்துப் பதிந்த பேச்சு. எங்களுடையது மிக்ஸி ஓடுகிற அடுப்படியிலிருந்து வருவது.

வாடிக்கையாளர்களிடம் அனுமதி கேட்டதிலிருந்து ஆரம்பித்தோம். பெரும்பாலோர் சரி என்றார்கள், நான்கைந்து பேர் வேண்டாம் என்றார்கள்; அவர்களுடைய குரலை எடுக்கவில்லை. வாட்ஸ்அப் குரலை ஓபஸ் என்ற வடிவத்தில் சுருக்கி வைக்கிறது. விஸ்பருக்கு வினாடிக்கு 16,000 மாதிரி கொண்ட ஒற்றைத்தட ஒலி வேண்டும். ஒரு வரிக் கட்டளை போதும்:

```
ffmpeg -i order.opus -ac 1 -ar 16000 order.wav
```

இரைச்சலை நீக்கிச் சுத்தப்படுத்தலாமே என்று எனக்கும் முதலில் தோன்றியது. செய்யவில்லை. நாளைக்கு வரப்போகும் குரலிலும் மிக்ஸி ஓடத்தான் போகிறது, பஸ் போகத்தான் போகிறது. பயிற்சியில் கேட்டுப் பழகாத சத்தத்தை மாடல் தேர்வில் தாங்காது.

அடுத்தது நறுக்குவது. முப்பது வினாடி வரை இடம் இருக்கிறதே என்று நீளமாக வைத்தால் தமிழில் ஒரு வில்லங்கம் காத்திருக்கிறது. மாடலின் கை ஒரே மூச்சில் 448 துண்டுகளுக்கு மேல் எழுதாது. அந்தத் துண்டைத்தான் டோக்கன் என்பார்கள். ஆங்கிலத்தில் பழகிய ஒரு சொல் பெரும்பாலும் ஒரே டோக்கனில் அடங்கிவிடும். கணினியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும், அதாவது உயிரெழுத்தோ அகர மெய்யோ கொம்போ புள்ளியோ, தனித்தனியாக மூன்று பைட் பிடிக்கும். அனுப்புதேன் என்ற ஒரு சொல்லுக்கு 11 குறி, 33 பைட். டோக்கன் பட்டியலைத் தமிழை மனதில் வைத்துச் செய்யாததால் இந்தச் சொல் பல துண்டாகச் சிதறும். வேகமாகப் பேசுகிறவர் அரை நிமிடத்தில் அறுபது சொல் பேசிவிடுவார், 448 போதாது. அளவு மீறிய வரியை வெட்டிப் பயிற்சிக்குக் கொடுத்தால், பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே எழுதுவதை நிறுத்திவிடலாம் என்ற பாடத்தை மாடல் கற்றுக்கொள்ளும். ஆகவே மூச்சு விடுகிற இடம் பார்த்து நறுக்கினோம். ஒரு துண்டு சராசரியாக ஏழு வினாடி, எதுவும் பதினைந்தைத் தாண்டவில்லை.

இதுவரை ஒரு வாரம் ஆகியிருந்தது. இதற்குப் பிறகு வந்த வேலைதான் மாதக்கணக்கில் இழுத்தது: கேட்டு எழுதுவது.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத, கை பழகிய ஒருவருக்கே ஏழெட்டு மணி நேரம் பிடிக்கிறது. நானும் அத்தானின் மகளும் பங்கு போட்டுக்கொண்டோம். அவள் கல்லூரியில் படிக்கிறாள். முதல் நூறு துண்டுகளை எழுதி முடித்து ஒப்பிட்டுப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. ஒரே சொல்லை நான் 'வச்சிருங்க' என்று எழுதியிருந்தேன், அவள் 'வெச்சிருங்க' என்று எழுதியிருந்தாள், ஓரிடத்தில் 'வைத்திருங்க' என்றும் இருந்தது. நான் குடுங்க, அவள் கொடுங்க. நான் ரெண்டு, அவள் சில இடங்களில் இரண்டு, சில இடங்களில் 2. 'பையன அனுப்புதேன்' என்பதில் அவள் கைப்பழக்கத்தில் இரண்டாம் வேற்றுமை உருபைப் போட்டு 'பையனை' ஆக்கியிருந்தாள். "மாமா, பையனன்னு எழுதினா தப்பில்லையா?" என்று கேட்டாள். பரீட்சையில் தப்புதான், இங்கே அப்படித்தான் எழுத வேண்டும் என்றேன்.

பேச்சுத் தமிழுக்கு நிலையான எழுத்து கிடையாது. எழுத்துத் தமிழுக்கு ஐயம் வந்தால் அகராதியைப் பார்க்கலாம், இதற்கு எதைப் பார்ப்பது? ஆயிரம் மணி நேர டேட்டா இருந்தால் இந்தக் குளறுபடி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஓரளவு சமனாகிவிடும். மூன்று மணி நேரத்தில் ஒரு சொல் பத்துத் தடவை வந்தாலே அதிகம். அந்தப் பத்தும் நான்கு விதமாக எழுதப்பட்டிருந்தால் மாடல் என்ன செய்யும்? அதற்கு ஒரே ஒலி, நான்கு விடை. எதையும் உறுதியாகக் கற்காது. பிறகு பழைய பழக்கத்தில் ஐந்தாவதாக ஒன்றை எழுதும்.

அதனால் வேலையை நிறுத்திவிட்டு, ஒரு நோட்டில் விதி எழுத ஆரம்பித்தோம். தலையாய கேள்வி, பேசியதை எழுதுவதா, திருத்தி எழுதுவதா என்பது. அனுப்புதேன் என்ற ஒலிக்கு அனுப்புகிறேன் என்று எழுதவும் மாடலைப் பழக்கலாம், அது முடியாத காரியமில்லை. ஆனால் அப்போது ஒலியில் இல்லாத 'கிற' என்ற துண்டை அது தானாகப் போட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு நிறைய உதாரணம் தேவை. காதில் விழுந்ததை எழுது என்றால் வேலை பாதி. நாங்கள் பேசியதை அப்படியே எழுதுவது என்று முடிவு செய்தோம். இதில் இன்னொரு லாபமும் இருந்தது: யாராவது அனுப்புகிறேன் என்றே பேசினால் அப்படியே எழுதிவிடலாம், ஒன்றுக்கொன்று முரண் வராது.

ஆனால் 'அப்படியே' என்பதற்கும் ஓர் எல்லை வேண்டியிருந்தது. பேச்சில் சொல் கடைசியில் வரும் னகர மெய் மூக்கொலியாகக் கரைந்துவிடும். அனுப்புதேன் என்பதே பல வாயில் 'அனுப்புதே' என்று மூக்கால் முடியும். அதற்குத் தமிழில் எழுத்தில்லை, ன் போட்டே எழுதுவது என்று வைத்தோம். பாலு, உப்பு, நல்லெண்ணெ என்று இழுபடும் முடிவுகளில் சரக்கின் பெயரை மட்டும் ஒரே எழுத்துக்குக் கொண்டுவந்தோம்: பால், உப்பு, நல்லெண்ணெய். பில் போடப் போகிறது அதுதானே. அளவெல்லாம் எழுத்தால் எழுதுவது; அரை, முக்கால், ஒண்ணரை, ரெண்டே கால். எண் போட ஆரம்பித்தால் அரை கிலோ என்பது 1/2, 0.5, 500 கிராம் என்று மூன்றாகப் பிரியும். எண்ணாக மாற்றுவதைப் பிற்பாடு ஒரு சின்ன நிரல் செய்துகொள்ளும். உளுந்தம்பருப்பு, துவரம்பருப்பு எல்லாம் சேர்த்து ஒரே சொல். நோட்டு நான்கு பக்கம் வந்தது. அதற்குப் பிறகு முதல் நூறையும் திரும்ப எழுதினோம்.

கண்ணுக்குத் தெரியாத முரண் ஒன்றும் உண்டு. 'கொ' என்பதன் குறியை ஒரே குறியாகவும் கணினியில் வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. மாடலுக்கு வேறு வேறு. பைத்தானில் ஒரு வரி இதைத் தீர்க்கும்:

```
s = unicodedata.normalize("NFC", s)
```

ஔகாரத்தில் கொம்புக்குப் பின்னால் வரவேண்டிய குறிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டி வைத்திருந்தால் மட்டும் இந்த வரி உதவாது. கண்ணால்தான் பிடிக்க வேண்டும். 'பௌடர்' விஷயத்தில் எங்களுக்கு அது நடந்தது.

மூன்று மணி நேரமும் எழுதி முடிந்ததும் அதைப் பயிற்சிக்கு ஒரு பங்கு, நடுவில் சோதித்துப் பார்க்க ஒரு பங்கு, கடைசித் தேர்வுக்கு ஒரு பங்கு என்று பிரித்தோம். 2 மணி 20 நிமிடம் பயிற்சிக்கு, இருபது இருபது நிமிடம் மற்ற இரண்டுக்கும். இங்கே நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை எல்லாத் துண்டுகளையும் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துப்போட்டுப் பிரித்தேன். தேர்வில் மாடல் பிரமாதமாக எழுதியது. மறுநாள் புதிதாக ஒரு வீட்டிலிருந்து குரல் வந்தது, பழைய கதைதான். என்ன நடந்ததென்றால், ஒரே ஆளின் குரலில் ஒரு துண்டு பயிற்சியிலும் அடுத்த துண்டு தேர்விலும் இருந்திருக்கிறது. தினமும் ஒரே பட்டியல் சொல்கிற ஓட்டல்காரர் ஒருவர் இரண்டு பக்கமும் இருந்தார். மாடல் அவரை மனப்பாடம் செய்துவிட்டது. கேள்வித்தாளை முந்தின நாளே பார்த்தவன் மார்க் எடுப்பதில் என்ன அதிசயம்? பிறகு ஆளை வைத்துப் பிரித்தோம். தேர்வில் வருகிற ஒருவரின் குரலும் பயிற்சியில் இருக்கக் கூடாது. பிழை உடனே ஏறியது. ஏறிய எண்தான் உண்மையான எண்.

பயிற்சி ஓட்டுவது இவ்வளவிலும் சின்ன வேலை. 'ஸ்மால்' மாடலில் 24.4 கோடி எண்கள் இருக்கின்றன. 16 ஜிபி நினைவகம் உள்ள ஒரு கிராஃபிக்ஸ் அட்டை போதும், கூகுள் கோலாபில் இலவசமாகவே கிடைக்கும். மொழி தமிழ், வேலை கேட்டெழுதல் என்று ta, transcribe என்ற இரண்டையும் கட்டாயம் குறித்துவிட வேண்டும். விட்டால் அது மொழியைத் தானே ஊகிக்கும். நெல்லைப் பேச்சைக் கேட்டு மலையாள எழுத்தில் எழுதித் தரவும் கூடும்.

கவனம் வேண்டிய இடம் எவ்வளவு நேரம் ஓட்டுவது என்பது. 2 மணி 20 நிமிடம் என்றால் 8,400 வினாடி. ஏழு வினாடித் துண்டாக 1,200. பதினாறு பதினாறாகக் கொடுத்தால் ஒரு சுற்று முடிய 75 அடி. நான் சொன்ன இந்திப் பாடத்தில் 4,000 அடி வரை ஓட்டியிருப்பார்கள். அதை அப்படியே நகலெடுத்தால் எங்கள் 1,200 துண்டுகளையும் மாடல் 53 தடவை படிக்கும். அதற்குள் வாடிக்கையாளர்களின் இருமல்கூட மனப்பாடமாகிவிடும். இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. பயிற்சியின்போது 'லாஸ்' என்று ஒரு எண் திரையில் வரும், மாடல் எவ்வளவு தடுமாறுகிறது என்பதன் அளவு. பயிற்சித் துண்டுகளின் லாஸ் இறங்கிக்கொண்டே இருக்கும், அதைப் பார்த்து மகிழக் கூடாது. சோதனைப் பங்கின் லாஸையும் ஒவ்வொரு சுற்றுக்கும் பார்க்க வேண்டும். அது இறங்கி, ஓரிடத்தில் நின்று, பிறகு ஏற ஆரம்பிக்கும். எங்களுக்கு ஐந்தாறு சுற்றிலேயே நின்றுவிட்டது. அங்கே நிறுத்தினோம். கற்கும் வேகத்தையும் 1e-5 என்ற சின்ன அளவிலேயே வைத்திருந்தோம். கூட்டினால் பழைய தமிழும் சேர்ந்து கலங்கிவிடும்.

இன்னும் பெரிய மாடல் வேண்டும் என்றால் 'லோரா' என்ற வழி இருக்கிறது. பழைய எண்களைத் தொடாமல், பக்கத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குப் புதிய எண்களைச் சேர்த்து அவற்றை மட்டும் பழக்குவது. சென்னை ஐஐடியின் பேச்சு ஆய்வகம் தமிழுக்கென்றே பழக்கி வெளியிட்ட விஸ்பர் மாடல்களும் உண்டு. அடித்தளமாக அவற்றை எடுத்துக்கொண்டு தொடங்குவது புத்திசாலித்தனம். எனக்கு இது பாதி வேலை முடிந்த பிறகுதான் உறைத்தது.

சரி, எவ்வளவு தேறியது என்று எப்படிச் சொல்வது? வழக்கமான அளவுகோல் சொற்பிழை விகிதம். முதல் நாள் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். 'அண்ணாச்சி'யை விட்டுவிட்டால் 'அரை கிலோ உளுந்தம்பருப்பு சாயங்காலம் பையன அனுப்புதேன்', மொத்தம் ஆறு சொல். மெஷின் எழுதியதில் உளுந்தம்பருப்பு இரண்டாகப் பிரிந்ததால் ஒரு சொல் மாறியது, ஒன்று கூடியது; இரண்டு பிழை. பையனை, மூன்று. அனுப்பு தேன், மறுபடி ஒன்று மாறி ஒன்று கூடி, ஐந்து. ஆறு சொல்லில் ஐந்து பிழை, 83 விழுக்காடு. இதையே குறி குறியாக எண்ணினால் இரண்டு இடைவெளியும் ஒரு ஐகாரக் குறியும் மட்டும் கூடுதல். இடைவெளி சேர்த்து 52 குறியில் மூன்று, 6 விழுக்காட்டுக்கும் கீழே. ஒரே வாக்கியம், ஒரு கணக்கில் படுதோல்வி, இன்னொன்றில் முதல் வகுப்பு. தமிழ் சொற்களை ஒட்டிக்கொண்டே போகிற மொழி. எங்கே பிரிப்பது என்பதில் நமக்கே ஒற்றுமை இல்லாதபோது சொற்பிழை விகிதம் கொஞ்சம் கொடூரமாகத்தான் இருக்கும். அதற்காகக் குறிப்பிழையை மட்டும் நம்பினால், தேன் பில்லில் ஏறியது ஒரு சின்ன இடைவெளியாகத் தெரியும். அத்தானுக்கோ இந்த வாக்கியத்தில் ஒரே பிழைதான், அதுதான் காசு போகிற பிழை. கடைசியில் நாங்கள் மூன்றாவதாக ஓர் அளவு வைத்துக்கொண்டோம்: சரக்கும் அளவும் சரியாக வந்த சீட்டு எத்தனை, வராதது எத்தனை.

அளவு பார்க்கிற இடத்தில் தமிழ்க்காரர்கள் விழுகிற பெரிய குழி வேறொன்று இருக்கிறது. ஒப்பிடும் முன் காற்புள்ளி, முற்றுப்புள்ளியை நீக்கிவிட வேண்டும் என்பது நியாயம். அதற்கு விஸ்பரோடு ஒரு கருவியே வருகிறது. இதை ஓட்டிப் பாருங்கள்:

```
from whisper.normalizers import BasicTextNormalizer
n = BasicTextNormalizer()
print(n("குடி"))
print(n("கொடு"))
```

இரண்டுக்கும் 'க ட' என்றே விடை வரும். நிறுத்தற்குறியோடு சேர்த்து, யூனிகோடில் 'சார்ந்த குறி' என்று வகுக்கப்பட்ட எல்லாவற்றையும் அது இடைவெளியாக மாற்றிவிடுகிறது. நம்முடைய கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் அந்த வகையில்தான் வருகின்றன. காடு, கூடு, கேடு, குடி, கொடு அத்தனையும் ஒன்றாகிவிடும். உயிர்மெய்யில் உயிரை எடுத்துவிட்டு மெய்யை மட்டும் தேர்வு வைப்பது போல. சொல் துண்டு துண்டாக உடைவதால் சொற்களின் எண்ணிக்கை கூடும், பல பிழைகள் மறையும், பிழை விகிதம் அழகாக இறங்கித் தெரியும். தமிழ் மாடல் ஒன்றுக்கு யாராவது மிகக் குறைந்த சொற்பிழை சொன்னால், எந்தக் கருவியால் சுத்தம் செய்தீர்கள் என்று முதலில் கேட்பது நல்லது. நாங்கள் ஐந்தாறு நிறுத்தற்குறிகளை மட்டும் பெயர் சொல்லி நீக்கினோம்.

பழக்கிய பிறகு மாடல் அனுப்புதேன், வாரேன், பாக்கேன் எல்லாம் தடுமாறாமல் எழுதியது. உளுந்தம்பருப்பு ஒரே சொல்லாக வந்தது. சில கோளாறுகள் விலகவில்லை. யாராவது பேசாமல் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால், அந்த வெறும் சத்தத்துக்கும் அது ஏதாவது எழுதுகிறது. ஒரு தடவை ஒரே சொல்லைப் பத்து முறை எழுதியது, ஒரு தடவை வீடியோ முடிவில் வருவது போல நன்றி சொன்னது. பேச்சே இல்லாத துண்டை முன்னாலேயே கண்டு ஒதுக்கும் ஒரு சின்ன நிரலை வாசலில் வைத்தோம். வயதானவர்களின் குரலில் பிழை இன்னும் அதிகம். இதில் எங்களுக்கு மட்டும் கஷ்டமில்லை. முதியோரும் திருநங்கையரும் மருத்துவமனை, வங்கி, கடை போன்ற இடங்களில் பேசுகிற இயல்பான தமிழை ஐந்தரை மணி நேரப் பயிற்சிக் குரலாகக் கொடுத்து, ஆய்வாளர்களுக்கு 2022 முதல் போட்டி நடத்தியிருக்கிறார்கள். தொடக்க ஆண்டுகளில் முந்திய குழுவுக்கே சொற்பிழை நாற்பதை ஒட்டித்தான் இருந்தது.

இன்னொரு கோளாறு எனக்குச் சிரிப்பையும் தந்தது. கார்த்திகை மாதம், மழை. அடுத்த தெருப் பாட்டி ஒருவர் இருமிக்கொண்டே பேசியிருந்தார்: "தம்பி, சின்ன பாட்டில் ஒண்ணு பையன்ட்ட குடுத்து அனுப்பு, தேன்." மாடல் கூசாமல் எழுதியது: "சின்ன பாட்டில் ஒண்ணு பையன்ட்ட குடுத்து அனுப்புதேன்." எங்கள் மூன்று மணி நேரத்தில் ஒருவர்கூடத் தேன் கேட்டிருக்கவில்லை. அனுப்பு என்ற ஒலிக்குப் பின்னால் 'தேன்' வந்தால் ஒட்டி எழுது என்று நாற்பது ஐம்பது தடவை நாங்களே சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

பாட்டில் வரவில்லை என்று பாட்டி போனில் அத்தானைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலை அத்தான் மகளும் நானும் கடை வாசலில் உட்கார்ந்து, சரக்கு வாங்க வந்தவர்கள் பத்துப் பேரிடம், தேன் கேட்கிற மாதிரி ஆளுக்கு நான்கு வாக்கியம் பேசச் சொல்லிப் பதிந்தோம். எதற்கு என்று கேட்டவர்களுக்கு அத்தான் கல்லாவிலிருந்தே பதில் சொன்னார்: "மெஷினுக்குத் தேன்னா என்னன்னு தெரியலயாம்."